மெனு பலகைக்கு விலைப்புள்ளி கேட்டுக் கடிதம்: கடற்கரை உணவகக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபத்தில் தட்டச்சும் நகலும் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி பக்கம் சிறிய உணவகம் நடத்துகிறவர்கள் கடிதம் அடிக்க வருவார்கள். மெனு பலகை செய்து தருகிறவருக்கு விலை கேட்டு எழுதும்போது அவர்களுக்கு வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே கடையை எடுத்துக்கொள்கிறேன். மண்டபத்திலிருந்து பாம்பன் போகும் சாலையில், முன்புறம் திறந்த ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. கல்லாவுக்கு மேலே சுவரில் ஒளிரும் பலகை வேண்டும். பலகை செய்கிறவர் மதுரையில் இருக்கிறார்.

வாட்ஸ்அப்பில் "6க்கு 3 போர்டு எவ்வளவு?" என்று கேட்டால் விலை சொல்லிவிடுவார்களே, கடிதம் எதற்கு?

சொல்லிவிடுவார்கள். எந்தப் பொருளுக்குச் சொன்னார்கள் என்பதுதான் தெரியாது. 6 அடிக்கு 3 அடி என்றால் ஒருவர் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸை நினைப்பார். இன்னொருவர் அலுமினியப் பெட்டியில் அக்ரிலிக் தகடு பொருத்தி உள்ளே எல்.இ.டி. வைப்பதை நினைப்பார். ஒருவர் வந்து மாட்டித் தருவதையும் சேர்த்துச் சொல்வார், மற்றவர் லாரி அலுவலகத்தில் போட்டுவிடுவதோடு தன் வேலை முடிந்தது என்று வைத்திருப்பார். மூன்று பேரிடம் கேட்டு மூன்று விலை வாங்கியும் எது மலிவு என்று சொல்ல முடியாது.

எல்லோரும் ஒரே பொருளுக்கு விலை போட வேண்டும், அதற்குத்தான் கடிதம். அதை வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக அனுப்பினாலும் குறையில்லை. ஒரு சொல்கூட மாறாமல் ஒரே கடிதம் எல்லோருக்கும் போக வேண்டும் என்பதே முக்கியம்.

கடிதத்தில் என்னவெல்லாம் எழுத வேண்டும்?

பலகை எங்கே மாட்டப்படும், அதில் என்ன எழுதப்படும், எதனால் செய்யப்பட வேண்டும், சொல்லும் விலையில் எதெல்லாம் அடங்கும் என்ற நான்கும் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுதிவிட்டு முதலாவதை விட்டுவிடுகிறார்கள். மதுரையில் இருப்பவருக்கு உங்கள் கடையைத் தெரியாது. கடலுக்கு எத்தனை மீட்டர் தூரம், முன்புறம் கதவா, திறந்த வெளியா, சுவர் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, தகரத் தடுப்பா, மின் இணைப்பு பலகைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, வெயில் நேராக விழுமா என்பதை எழுதுங்கள்.

கைப்பேசியில் இரண்டு படமும் எடுத்து இணைத்துவிடுங்கள். ஒன்று, வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து சுவர் முழுவதும் தெரியும் படம். மற்றொன்று, பலகை வரவேண்டிய இடத்தில் அளவு நாடாவைப் பிடித்தபடி எடுத்த படம்.

அளவை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். எழுத்தின் உயரத்திலிருந்து தொடங்கினால் அளவு தானாக வந்துவிடும். பத்தடித் தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது பலகைத் தொழிலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. நம் கடையில் வரிசையில் நிற்பவர் பலகைக்கு எட்டிலிருந்து பத்தடிக்குள் நிற்கிறார். ஆகவே தமிழ் எழுத்து ஓர் அங்குலம். அதன் கீழே ஆங்கிலம் சற்றுச் சிறிதாக, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாக வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஓர் உணவுக்கு இரண்டரை அங்குல உயரம் ஆகிறது.

3 அடிப் பலகை என்றால் 36 அங்குலம். தலைப்புக்கும் ஓரங்களுக்கும் 6 அங்குலம் போனால் மீதி 30. அதில் 12 வரிசைதான் பிடிக்கும். இரண்டு பத்தியாகப் பிரித்தால் 24 உணவுகள். நம் கடையில் சாப்பாடு, பரோட்டா, மீன் வகை, தேநீர் எல்லாம் சேர்த்து 24 தான், அதனால் 6க்கு 3 பொருந்துகிறது. உங்களிடம் 35 வகை இருந்தால் எழுத்தைச் சுருக்காதீர்கள். பலகையைப் பெரிதாக்குங்கள், அல்லது அதிகம் போகாத வகைகளை மேசை அட்டைக்கு மாற்றுங்கள்.

எங்கள் பக்கத்துக் கடல் காற்றுக்கு எது தாங்கும்?

கடிதத்தில் மிகவும் கவனமாக எழுத வேண்டிய பகுதி இதுதான். காற்றில் வரும் உப்புத் துகள்கள் எல்லாவற்றின் மேலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். நம் கரையில் இரவில் ஈரப்பதம் எளிதாக அந்த அளவுக்குப் போகும். மழையே பெய்யாமல் இரும்பு நனைந்துகொண்டிருப்பது இப்படித்தான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகுக்கு அரிப்பைத் தாங்கப் பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அதே காற்றுதான் நம் கடைக்குள்ளும் வருகிறது.

ஆகவே சட்டம் அலுமினியமாக இருக்கட்டும். இரும்புச் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்து தருகிறேன் என்பார்கள். பூச்சு கெடாதவரை அது நன்றாகவே இருக்கும். ஆனால் பூசி முடித்த பிறகு மாட்டுவதற்கு ஓட்டை போட்டால் அந்த ஓட்டையின் விளிம்பில் துரு தொடங்கி, பூச்சுக்கு அடியிலேயே பரவி, பெயின்ட் கொப்புளமாக எழும்பும். செலவு கருதி இரும்பையே எடுப்பதானால் "எல்லா ஓட்டைகளும் வெட்டுகளும் பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்" என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

திருகுகளையும் மறக்க வேண்டாம். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகைப் போட்டால், உப்பும் ஈரமும் சேரும்போது இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தில் அரிப்பு வேகமெடுக்கும். துருப்பிடித்த திருகைப் பிறகு கழற்றவும் முடியாது. துருப்பிடிக்காத எஃகிலும் தர வேறுபாடு உண்டு. 304 என்பது பொது வகை. 316 என்பதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். ஒரு பலகைக்குத் திருகுகள் சிலவே என்பதால் 316 கேட்பதில் பெரிய செலவு வராது. உட்புறத் தகட்டுக்கு எம்.டி.எஃப். மரப்பலகை வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள், ஈரத்தில் அது ஊதிவிடும்.

எல்.இ.டி. "வாட்டர்ப்ரூஃப்" என்கிறார்களே, பிறகு என்ன கவலை?

ஐ.பி. 65, ஐ.பி. 67 என்று ஓர் எண் சொல்வார்கள். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது இலக்கம் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டுகிறது. உப்பரிப்பைத் தாங்குமா என்பதை அந்த எண் சொல்லாது. பிசின் மூடிய எல்.இ.டி. மாட்யூல் நன்றாக இருக்கும்போதே, இரண்டு மாட்யூல்களை இணைக்கும் கம்பி முடிச்சு பச்சை பூத்துச் செத்துவிடும். அந்தப் பச்சை, செம்பு அரித்துப்போன அடையாளம். இணைப்புகள் வெறும் முறுக்காக இல்லாமல், ஈயம் வைத்துச் சுருங்கு குழாய் போட்டு மூடப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இந்த வகைப் பலகையில் முதலில் கெடுவது பெரும்பாலும் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் டிரைவர்தான். அதைப் பெட்டிக்குள் அடைத்து ஒட்டிவிடாமல், பலகையைக் கழற்றாமலே மாற்றக்கூடிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இதன் பலன் கடைசிக் கேள்வியில் தெரியும்.

மீன் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. பலகையில் விலையை எப்படிப் போடுவது?

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறும். மற்ற மாதங்களிலும் பலத்த காற்று அடித்தால் படகு போகாது. இட்லிக்கும் தேநீருக்கும் விலை வருடத்துக்கு ஒருமுறை மாறலாம். சீலா வறுவலுக்கும் நண்டுக்கும் அப்படியில்லை. ஆகவே எல்லா வரிகளையும் ஒரே மாதிரி செய்யச் சொல்லாதீர்கள். 24 வகையில் மாறாத 18 வகையை நிரந்தரமாக அச்சிடட்டும். மீன், நண்டு, கணவாய், இறால் வரும் 6 வரிகளுக்கு மட்டும் பெயரும் விலையும் செருகிக் கழற்றும் பட்டைகளாக வேண்டும் என்று எழுதுங்கள். எண்கள் எழுதிய பட்டைகளையும், அன்றைக்கு மீன் இல்லையென்றால் செருக வெற்றுப் பட்டைகளையும் கூடுதலாகக் கேளுங்கள்.

காந்தப் பட்டை தருகிறேன் என்று சொன்னால் எதன் மேல் ஒட்டும் என்று கேட்டுவிடுங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டுவதற்காக உள்ளே இரும்புத் தகடு வைப்பார்கள், அது முந்தைய பதில்களில் சொன்ன துருவைத் திரும்பக் கூட்டிவரும். அச்சிட்ட விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும் உதவாது. எண்ணெய்ப் புகையிலும் ஈரத்திலும் அது ஓரம் தூக்கி, கீழிருக்கும் பழைய விலையைக் காட்டும்.

அதற்கு ஒரு டிவியை மாட்டிவிட்டால் தினமும் மாற்றிக்கொள்ளலாமே?

கண்ணாடிக் கதவு போட்டுக் குளிரூட்டிய கடை என்றால் நல்ல யோசனைதான். முன்புறம் திறந்த கடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டிவி சூட்டைத் தணிக்கப் பின்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுக்கிறது, உப்பும் அந்த வழியாகவே மின்சுற்றுப் பலகைக்குப் போகிறது. பகல் வெளிச்சத்தில் வீட்டு டிவியின் திரை மங்கலாகத் தெரியும். மின்சாரம் போனால் மெனுவே இல்லாமல் போய்விடும், ஒளிரும் பலகையையோ விளக்கு அணைந்தாலும் படிக்கலாம். வாங்குவதென்றே முடிவு செய்தால், வணிக இடத்தில் பயன்படுத்தினால் வாரண்டி செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்களின் வீட்டு டிவி வாரண்டி கடைப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது.

தமிழ் மட்டும் போதுமா? அச்சில் எழுத்து தப்பாக வந்தால் யார் பொறுப்பு?

இராமேசுவரம் போகும் சாலையில் வடமாநில யாத்திரிகர்கள் நிறைய வருவதால் ஆங்கிலம் உதவும். சைவச் சாப்பாட்டுக் கடை என்றால் இந்தியும் சேர்க்கலாம். கடையின் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என 5:3:2 விகிதம் சொல்லப்பட்டிருக்கிறது. அது பெயர்ப் பலகைக்கானது. ஆனாலும் மெனுவிலும் அந்த விகிதம் கண்ணுக்கு நன்றாக அமைகிறது. மேலே அளவுக் கணக்கில் வந்ததும் ஏறக்குறைய அதே 5:3 தான்.

எழுத்துப் பிழைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நீங்கள் கைப்பேசியில் அடித்து அனுப்புவது யூனிகோடு. அச்சு வடிவமைப்பவர்கள் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அதனால் பட்டியலைக் கையாலும் தெளிவாக எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். அச்சுக்கு முன் மாதிரியைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற வரியைக் கடிதத்தில் சேருங்கள். மாதிரி வந்ததும் "வறுவல்", "கணவாய்", "இறால்" ஆகிய சொற்களைக் கட்டாயம் பாருங்கள். ர–ற, ன–ண அங்கேதான் குழம்பும். நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகு வரும் பிழை உங்கள் பொறுப்பு, ஒப்புதலுக்கு மாறாக அச்சிட்டால் அவர் பொறுப்பு.

சரி, முழுக் கடிதத்தையும் ஒருமுறை காட்டுங்கள்.

அனுப்புநர்: உரிமையாளரின் பெயர், உணவகத்தின் பெயர், முகவரி, கைப்பேசி எண்.
பெறுநர்: நிறுவனத்தின் பெயர், முகவரி, மதுரை.
நாள்:

பொருள்: ஒளிரும் மெனு பலகை ஒன்றுக்கு விலைப்புள்ளி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மண்டபம்–பாம்பன் சாலையில், கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் தூரத்தில், முன்புறம் திறந்த சிற்றுணவகம் நடத்தி வருகிறேன். கல்லாவுக்கு மேலுள்ள செங்கல் சுவரில் மாட்ட 6 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஒளிரும் மெனு பலகை ஒன்று தேவை. வாடிக்கையாளர்கள் 8 முதல் 10 அடி தூரத்திலிருந்து படிப்பார்கள். மின் இணைப்பு சுவரின் இடப்பக்கம் உள்ளது. கடையின் படங்களையும் 24 உணவுகளின் பட்டியலையும் இணைத்துள்ளேன்.

பலகை அலுமினியச் சட்டமும் அக்ரிலிக் முகப்பும் கொண்டதாக இருக்க வேண்டும். திருகுகள் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். எம்.டி.எஃப். பயன்படுத்தக் கூடாது. எல்.இ.டி. இணைப்புகள் ஈயம் வைத்துச் சுருங்கு குழாய் போட்டு மூடப்பட்டிருக்க வேண்டும். டிரைவர், பலகையைக் கழற்றாமல் மாற்றும் வகையில் அமைய வேண்டும். 18 உணவுகள் நிரந்தர அச்சாகவும், 6 உணவுகள் செருகு பட்டைகளாகவும் வேண்டும். தமிழ் எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. அச்சுக்கு முன் மாதிரியைக் காட்டி என் ஒப்புதல் வாங்க வேண்டும்.

விலைப்புள்ளியில் பலகை, கூடுதல் பட்டைகள், மாற்று டிரைவர் ஒன்று, மதுரையிலிருந்து அனுப்பும் செலவு, மாட்டும் கூலி, ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட வேண்டுகிறேன். பலகை எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும், எல்.இ.டி.க்கும் டிரைவருக்கும் தனித்தனியே எத்தனை காலம் வாரண்டி, வாரண்டி காலத்தில் பழுது பார்க்கக் கடைக்கு வருவீர்களா, முன்பணம் எவ்வளவு, மாதிரிக்கு ஒப்புதல் தந்தபின் எத்தனை நாளில் மாட்டித் தருவீர்கள், இந்த விலை எத்தனை நாள் செல்லும் என்பவற்றையும் தெரிவியுங்கள்.

இக்கடிதம் விலை அறிவதற்கு மட்டுமே, கொள்முதல் ஆணை அன்று. பத்து நாட்களுக்குள் பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இரண்டு விலைப்புள்ளி வந்திருக்கிறது. ஒருவர் 18,000, மற்றவர் 23,000. முதலாமவரிடமே கொடுத்துவிடலாமா?

கீழ்வரிகளையும் படியுங்கள். முதலாமவர் "ஜி.எஸ்.டி. தனி, அனுப்பும் செலவும் மாட்டும் கூலியும் தனி" என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 18,000க்கு 18 சதவீதம் வரி 3,240 சேர்ந்தால் 21,240. அனுப்பவும் மாட்டவும் 2,500 என்றால் மொத்தம் 23,740. இரண்டாமவரின் 23,000 எல்லாம் அடங்கியது என்றால் அவரே 740 ரூபாய் மலிவு.

சிலர் "வரியைப் பிறகு கழித்துக்கொள்ளலாம்" என்பார்கள். 5 சதவீத ஜி.எஸ்.டி. கட்டும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பலகைக்குக் கட்டும் வரி முழுவதும் உங்கள் செலவுதான். ஆகவே வரி சேர்ந்த மொத்தத்தை வைத்தே ஒப்பிடுங்கள்.

கடிதம் எழுதிவிட்டேன் என்பதற்காக வாங்கியே ஆக வேண்டுமா? அவர் பிறகு விலையை ஏற்றினால்?

வாங்க வேண்டியதில்லை. விலை கேட்பது ஒப்பந்தம் ஆகாது. அவர் தருகிற விலைப்புள்ளியை நீங்கள் ஏற்றுக்கொண்டு தெரிவிக்கும்போதுதான் இருவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உருவாகிறது. அதற்கு முன் அவர் விலையைத் திரும்பப் பெறலாம். "எத்தனை நாள் செல்லும்" என்று கடிதத்தில் கேட்டது அதனால்தான்.

ஏற்கும்போதும் எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். விலைப்புள்ளியின் எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு, "இதில் கண்ட விலைக்கும் விவரங்களுக்கும் ஒப்புக்கொள்கிறேன்" என்று அனுப்பிய பிறகு முன்பணம் கொடுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே தராதீர்கள். மாட்டி, எரியவிட்டுப் பார்த்த பிறகு கொடுப்பதற்கு ஒரு பகுதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பலகையில் கலோரி அளவும் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னாரே?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 விதிகளில் அப்படி உண்டு. ஆனால் அது மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவர்களுக்கும்தான். ஒரே கடை நடத்தும் சிற்றுணவகத்துக்குத் தேவையில்லை. பதிவுச் சான்றையோ உரிமத்தையோ மட்டும் கடையில் தெரியும்படி மாட்டி வையுங்கள்.

ஆறு மாதத்தில் பாதிப் பலகை இருண்டுவிட்டது. கழற்றி மதுரைக்கு அனுப்பச் சொல்கிறார். என்ன செய்வது?

முதலில் எது கெட்டது என்று பாருங்கள். பலகை முழுவதும் அணைந்திருந்தால் டிரைவராகவோ மின் இணைப்பாகவோ இருக்கும். ஒரு பகுதி மட்டும் இருண்டு மற்றவை பளிச்சென்று எரிந்தால் டிரைவர் நன்றாக இருக்கிறது, அந்த வரிசையின் இணைப்பு அரித்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து துடித்துத் துடித்து எரிந்தால் டிரைவர் தளர்ந்துவருகிறது, அல்லது உங்கள் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. உங்களுடையது பாதி மட்டும் இருண்டிருப்பதால் இணைப்பில்தான் கோளாறு. இருண்ட பகுதியைப் படமெடுத்து, அந்த இணைப்பைத் திறக்கும்போது பச்சை பூத்திருந்தால் அதையும் எடுத்து, விலைப்புள்ளியில் அவரே எழுதிய வாரண்டி வரியோடு அனுப்புங்கள். "பழுது பார்க்கக் கடைக்கு வருவீர்களா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதியிருந்தால் அவர்தான் வர வேண்டும்.

டிரைவர் கெட்டிருந்தால் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. விலைப்புள்ளியில் தனியே விலை போட்டு வாங்கி வைத்த மாற்று டிரைவர் கையில் இருக்கும். அது வைக்கப்பட்ட இடமும் கை எட்டும் இடம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளூர் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிக்கொள்ளலாம். அவர் மாற்றினால் வாரண்டி போய்விடுமா என்பதை மட்டும், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வரியில் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.